பவர் ரத்துப் பத்திரம் பதிவானதும் வேலை முடிவதில்லை

பர்கூர் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. வயதான அம்மா ஒருவர், ஓசூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குப் பொது அதிகாரம், அதாவது பவர், எழுதிக் கொடுத்திருந்தார். தோப்புக் குத்தகையை வசூலிப்பதும் வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அந்த அண்ணன் மகன்தான். அதை ரத்து செய்ய நாங்கள் போன வழி இது.

முதலில் பார்க்க வேண்டியது, பவர் வாங்கியவர் அந்தச் சொத்துக்காகப் பணம் ஏதும் கொடுத்திருக்கிறாரா என்பது. அவருக்கே சொத்தில் பாத்தியம் இருந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு குறுக்கே வரும். வக்கீலைப் பார்க்காமல் ரத்து எழுதக் கூடாது. இங்கே பணம் எதுவும் கைமாறவில்லை.

பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்தோம். பழைய பத்திர எண், ஆண்டு, சர்வே எண் மூன்றையும் மூலத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒரு இலக்கம் தவறினாலும் ரத்து எந்தப் பவருக்கு என்றே தெரியாமல் போகும். சில நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, பவர் வாங்கியவருக்குத் தெரிந்த பிறகுதான் அவரளவில் ரத்து செல்லும். மூன்றாம் ஆட்களுக்கு அவரவருக்குத் தெரிந்த பிறகுதான். விஷயம் தெரியாமல் குத்தகைக்காரர் அண்ணன் மகனிடம் பணத்தைக் கொடுத்தால், அது கொடுத்த பணம்தான். அந்த அம்மா மறுபடி கேட்க முடியாது. அதனால் குத்தகைக்காரருக்குத்தான் முதல் கடிதம் போனது, அடுத்த தவணைக்கு முன்பே.

வங்கியில் வாய்ச்சொல் நிற்காது. கணக்கு இருக்கும் கிளைக்கே கடிதம் தர வேண்டும். இரண்டு வங்கி என்றால் இரண்டு கடிதம். கணக்கு எண், வைப்புத்தொகை, லாக்கர், பவர் எண், ரத்து எண் எல்லாம் எழுதி, ரத்துப் பத்திர நகலை இணைக்க வேண்டும். பவர் வாங்கிய முகவர் கையில் இருக்கும் காசோலை எண்களைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். பலரும் விடுவது ஒன்று: கணக்கில் முகவரின் செல்போன் எண் இருந்தால் ஓடிபி அவருக்கே போய்க்கொண்டிருக்கும். அதையும் மாற்றச் சொல்லி அதே கடிதத்தில் எழுதுங்கள். நம்மிடம் இருக்கும் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பயிர்க்கடனோ நகைக்கடனோ இருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்கும், பாலிசி இருந்தால் எல்ஐசி கிளைக்கும், முகவர் பேசி வைத்திருக்கும் நிலத் தரகருக்கும் இதே கடிதம்தான்.

அண்ணன் மகனுக்கான கடிதம் தபாலில் போனது. மூலப் பவரைத் திருப்பித் தரும்படியும் அதில் எழுதியிருந்தோம். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பி வந்தது. பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். ஒட்டிய உறையும் அதன் மேல் தபால்காரர் எழுதிய தேதியும்தான் சாட்சி.