ரகசியமாக ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி எழுதியபோது

விருந்துக்கு அழைத்தது நான். அதற்குள் எனக்குத் தெரியாமல் எனக்காகவே இன்னொரு விருந்தை ஒளித்து வைத்தது நண்பர்கள். அப்படி நடந்துவிட்டால் மறுநாள் நன்றிச் செய்தி எழுதுவது வழக்கத்தைவிடச் சிக்கலாகிவிடுகிறது. யார் என்ன செய்தார்கள் என்பது நன்றி சொல்ல வேண்டியவருக்கே தெரியாது. கண்ணில் பட்டவர்களை மட்டும் பாராட்டினால், உண்மையில் பாடுபட்டவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

முதலில் போட்டோக்களைப் பார்த்துத்தான் பெயர்களை எழுதிவைத்தேன். ஆறு பேர் தேறினார்கள். வேலை பார்த்ததோ ஒன்பது பேர். படமெடுத்தவர் எந்தப் படத்திலும் இல்லை. ஊரில் இல்லாமல் வீடியோ வாழ்த்துகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கித் தொகுத்தவரும் இல்லை. அலங்காரத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நான் வருவதற்கு முன்பே கிளம்பியவரும் இல்லை.

ஆகவே ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவரிடம் கேட்க வேண்டியதாயிற்று. "யாருக்கெல்லாம் நன்றி சொல்லணும்?" என்று கேட்டால் "எல்லாருக்கும்தான்" என்ற பதில்தான் வரும். கேள்வியை வேலையின் பக்கமாகத் திருப்ப வேண்டும். இந்த யோசனையை முதலில் சொன்னது யார், முன்பணம் யார் கையிலிருந்து போனது, வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, எல்லோரும் போன பிறகு குப்பையைக் கட்டி எடுத்துப்போனது யார். இந்த நான்கைக் கேட்டதும் பெயர்கள் தானாக வந்து விழுந்தன. யார் எவ்வளவு போட்டார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டாலும் அதைச் செய்தியில் கொண்டுவரக் கூடாது. குறைவாகப் போட்டவருக்கு அது குத்தும்.

அடுத்து, எங்கே அனுப்புவது. விருந்துக்கு அழைப்பதற்காக நான் தொடங்கிய வாட்ஸ்அப் குழு கையில் தயாராக இருந்தது. அதில் போட்டிருந்தால் வினையாகியிருக்கும். அந்தக் குழுவில் ரகசியம் சொல்லப்படாத விருந்தினரும் இருந்தார்கள். ஒன்பது பெயர்களை வரிசையாகப் படிக்கும்போதுதான் தாங்கள் அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியவரும். அங்கே 'வந்ததற்கு நன்றி' என்று இரண்டே வரி. விரிவான செய்தி, ஏற்பாடு செய்தவர்களின் ரகசியக் குழுவுக்கு. அதில் நாம் இல்லாததால், ஒருங்கிணைத்தவரிடமே கொடுத்துப் போடச் சொல்லலாம், அல்லது நம்மைச் சேர்க்கச் சொல்லலாம்.

எழுதுவதில் அதிகம் தடுமாறியது, என்னை வெளியே அழைத்துப்போய் நேரம் கடத்தியவருக்கான வரியில்தான். "பொய் சொல்லி என்னை அலைய விட்டதுக்கு நன்றி" என்று முதலில் எழுதினேன். நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் சரி. எழுத்தில் சிரிப்பு தெரியாது, குறைதான் தெரியும். பொய்யை விட்டுவிட்டு, அந்தப் பொய்க்காக அவர் பட்ட பாட்டைச் சொன்னதும் வரி சரியாகிவிட்டது.

இன்னொரு கண்ணி, "எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியல." உண்மையாக இருந்தால் எழுதலாம். லேசாகச் சந்தேகம் வந்திருந்தால், கூட இருந்தவர் அதைக் கவனித்திருப்பார். அவருக்கு இது வெறும் உபசாரமாகப் படும். அதற்காக "அப்பவே நினைச்சேன்" என்று எழுதுவதும் அவர்கள் உழைப்பைக் கெடுப்பதுதான். தெரிந்ததா இல்லையா என்ற பேச்சையே எடுக்காமல், கதவைத் திறந்த கணத்தை மட்டும் எழுதினால் போதும்.

கடைசியில் அனுப்பியது இது. பெயர் வரும் இடங்களில் இங்கே வேலையை மட்டும் குறித்திருக்கிறேன்:

"கதவைத் திறந்ததும் ரெண்டு நிமிஷம் உள்ளே வராம நின்னுட்டேன், ஞாபகம் இருக்கும். அப்ப சொல்ல வேண்டியதை இப்ப சொல்றேன். நாலரை மணியிலிருந்து ஆறரை வரைக்கும் என்கூடக் கடை கடையா ஏறி இறங்கி, ஒரு தடவைகூட வாட்ச்சைப் பார்க்காம இருந்தியே, அது எப்படின்னு இன்னும் புரியல. பதினேழு பேர்கிட்ட வீடியோ வாங்கித் தொகுத்த உனக்கு, இதை அனுப்பி முடிச்சதும் நானே போன் பண்றேன். அலங்காரத்தைப் பார்க்கவே இருக்காம போனவங்களுக்கு, போட்டோ எல்லாம் தனியா அனுப்பியிருக்கேன். குப்பையைக்கூட விட்டுவைக்காத மூணு பேருக்கு, அடுத்த தடவை அந்த வேலை என்னோடது."

மற்ற மூவருக்கும் இதே அளவில் ஆளுக்கொரு வரி இருந்தது. ஒருவருக்கு நாலு வரி, இன்னொருவருக்கு வெறும் பெயர் என்றால் அந்தப் பெயர் ஒப்புக்குச் சேர்த்ததுபோல் ஆகிவிடும்.

அனுப்பும் முன் ஒன்பது பெயரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். விட்டுப்போனது உடனே தெரிந்தால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு தெரிந்தால், "ஐயோ, உன்னை மறந்துட்டேன்" என்று குழுவில் போட வேண்டாம்; மறந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான் மிச்சமாகும். அவருக்குப் போன் செய்து பேசிவிடலாம்.