41 ஓட்டில் தோற்ற மறுநாள் பேசியது

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றேன். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. எனக்கு ஆட்டோ ரிக்‌ஷா சின்னம், எதிரில் நின்ற அக்காவுக்குப் பூட்டு சாவி. 41 ஓட்டில் தோற்றேன்.

2020 ஜனவரி 2 காலையில் எண்ண ஆரம்பித்தது, எங்கள் ஊராட்சி முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. கிராமத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு என்பதால் பெட்டியைக் கொட்டியதும் முதலில் நிறம் பிரிப்பார்கள். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, அதன் பிறகுதான் சின்னம் பார்ப்பது. எங்கள் மேசையில் செல்லாத ஓட்டு 58. தோற்ற வித்தியாசத்தைவிட அது அதிகம்.

என் ஏஜென்ட் தம்பி "ரீ-கவுன்ட் கேளுக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முடிவை அறிவிப்பதற்குள் காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், நேரம் கொஞ்சம்தான். அதனால் செல்லாத ஓட்டுகளைக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இரண்டு சின்னத்தில் முத்திரை இருந்தது. சிலவற்றில் முத்திரையே இல்லை, நாலைந்தில் கைநாட்டு. எனக்கு விழுந்ததை ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல ஒரு சீட்டுகூடக் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுக்கவில்லை. அந்த 58 சீட்டையும் என் கண்ணால் பார்த்ததால்தான் மறுநாள் என்னால் மனசாரப் பேச முடிந்தது.

விடியும்போதே டீக்கடையில் "கோர்ட்டுக்குப் போறாங்களாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலமே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் "நான் பேசிடறேன், நீ பக்கத்துல நில்லு" என்றார். நாமினேஷனில் இருப்பது என் பெயர், தோற்றதும் நான்தான் என்றேன். அவர் மைக்செட் ஏற்பாடு பண்ணப் போனார்.

ஒரு நோட்டுப் பக்கத்தில் எழுதினேன். முதலில் எழுதியதில் எனக்காக அலைந்தவர்கள் பெயர் எல்லாம் இருந்தது. மாமியார் படித்துவிட்டு, "இவங்க எல்லாம் நாளைக்கு வீட்டு வரி ரசீதுக்கும் தெருக் குழாய்க்கும் அவங்க முன்னாலதானே போய் நிக்கணும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நன்றி என்று நினைத்து நானே யார் யார் என் ஆள் என்று பட்டியல் வாசித்திருப்பேன். பெயர்களை அடித்தேன். "மூன்றாவது வார்டு என்னைக் கைவிடவில்லை" என்ற வரியையும் அடித்தேன், பெயர் சொல்லாவிட்டாலும் அது ஒரு தெருவையே காட்டிக்கொடுக்கும். பையன்கள் சேர்க்கச் சொன்ன "பணம் ஜெயிச்சிடுச்சு" என்பதை நான் எழுதவே இல்லை. அக்காவுக்குப் போட்டவர்கள் அத்தனை பேரையும் காசுக்குப் போட்டவர்கள் என்று சொல்வதாகிவிடும்.

மாரியம்மன் கோயில் திடலில் பேசியது மூன்று நிமிடம் இருக்கும்:

"எல்லாருக்கும் வணக்கம். பூட்டு சாவியில நின்ன அக்கா 41 ஓட்டு அதிகம் வாங்கி ஜெயிச்சிருக்காங்க. எண்ணும்போது நான் அங்கேயே இருந்தேன், செல்லாத ஓட்டையும் பார்த்தேன். எண்ணினது சரி. நான் கோர்ட்டுக்குப் போகல. அக்காவுக்கு என் வாழ்த்து, இனி எனக்கும் அவங்கதான் தலைவர். எனக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கும், வெயில்ல கூட நடந்தவங்களுக்கும் கும்பிட்டு நன்றி சொல்றேன். யாருன்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேட்காதீங்க. யாரும் யார்கூடவும் பேச்சை நிறுத்தாதீங்க. ஓட்டுக் கேட்டு வந்தப்ப நீங்க சொன்ன குறையெல்லாம் என் நோட்டுல இருக்கு, அதை அக்கா கையில கொடுத்துடறேன்."

"பேச்சை நிறுத்தாதீங்க" என்ற இடத்தில் குரல் கம்மிவிட்டது. என் சொந்தச் சின்ன மாமனார் வீடே அந்தப் பக்கம் நின்றது, மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை.

திடலிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கூட மாமியார் மட்டும். கூட்டமாகப் போனால் வாசலில் நிற்கும் பையன்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். வெடித்த பட்டாசுக் காகிதம் வாசல் முழுக்கக் கிடந்தது. அக்கா எழுந்து வந்து, "உட்காரும்மா, இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டியே" என்றார். நோட்டை வாங்கிப் புரட்டி, காலனிப் பக்கம் மேல்நிலைத் தொட்டியில் வால்வு பழுது என்று எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இது எத்தனை நாளா?" என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன்.

6ஆம் தேதி பதவியேற்புக்கும் போயிருந்தேன். ஆனால் பேச்சோடு வேலை முடிந்துவிடாது, அடுத்து நிற்க நினைப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். தோற்றவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், விட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம். மைக்செட் ரசீதைத் தேடி எடுத்து நான் கொடுத்துவிட்டேன். சின்ன மாமனார் பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.