உப்புத்தண்ணீர் வைத்த ஆப்பு: நாலடிக் கண்ணாடி வாய்க்காலில் ஒரு கழிமுகம்

தொண்டியிலிருந்து காரைக்குடிக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் போன கார்த்திகையில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "மழைக்கு ஆறு வந்துச்சுன்னா முகத்துவாரத்துல மேல எல்லாம் கலங்கத் தண்ணி, வாயில வச்சா உப்பே தெரியாது. ஒரு பாகம், ஆறடி போல, கீழ வலை எறங்குச்சுன்னா கடல் தண்ணிதான், தம்பி." அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, ஊரணித் தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் கழிமுகத்துக்கு எங்கே போவது? வளவில் ஒன்றைச் செய்துவிடுவது என்று இறங்கினேன்.

முதல் நாள் அடிப்படையை மட்டும் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பு. கடலில் உள்ள உப்பு ஏறக்குறைய இந்த அளவுதான். தூள் உப்பு வேண்டாம், கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் தண்ணீர் பால்போல மங்கிவிடுகிறது. கல்லுப்பைக் கரைத்துத் துணியில் வடிகட்டினால் போதும். ஒரே பாட்டிலில் கழுத்துவரை நல்ல தண்ணீரும், அப்புறம் உப்புத் தண்ணீரும் ஊற்றி எடை போட்டேன். லிட்டருக்கு 24 கிராம் கூடுதல். நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஆற்றைத் தூக்கி மேலே வைக்கிறது.

உப்புத் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மீன்தொட்டியில் ஊற்றி, அதன்மேல் நல்ல தண்ணீரை ஊற்றினேன். எல்லாம் கலந்து ஒரே வெளிர்நீலமாகிவிட்டது. இங்கே ஒன்று புரிந்தது: இது எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாத ஜோடி இல்லை. வேகமாகக் கலக்கினால் தாராளமாகக் கலக்கும். மிதக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றின்மேல் மெல்ல ஊற்றியபோதுதான் நீலத்துக்கும் தெளிவுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால், அந்தக் கோடு விரல் தடிமனுக்கு மங்கியிருந்ததே தவிர அடுக்குகள் அப்படியே இருந்தன. உப்பு தானாகப் பரவி ஒரு சென்டிமீட்டர் நகரவே பல மணி நேரம் ஆகிறது. கனமான தண்ணீரை மேலே தூக்கி வந்து கலப்பதற்கு யாராவது வேலை செய்ய வேண்டும். காற்றோ, அலையோ, ஓட்டமோ அந்த வேலையைச் செய்யாதவரை அடுக்கு கலையாது.

இரண்டாம் நாள் ஓர் அசடு வழிந்தது. சரிபார்ப்பதற்காக உப்பே போடாமல், சாயம் மட்டும் கலந்த பானைத் தண்ணீரின்மேல் குழாய்த் தண்ணீரை விட்டேன். அதுவும் அடுக்காக நின்றது! உப்பு இல்லாமலே மிதக்கிறதென்றால் நான் இதுவரை பார்த்தது என்ன? அரை மணி நேரம் குழம்பிவிட்டு, கையை உள்ளே விட்டபோதுதான் உறைத்தது. குழாய்த் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர். 30 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே லிட்டருக்கு மூன்றரை கிராம் போல எடை குறைகிறது. உப்பு தரும் வித்தியாசத்தில் ஏழில் ஒரு பங்கு அது. அன்றிலிருந்து இரண்டு தண்ணீரையும் முதல்நாள் இரவே நிழலில் வைத்துவிடுகிறேன்.

ஆனால் இவை எல்லாம் நின்ற தண்ணீர். அக்கா சொன்னது ஓடுகிற ஆறு. ஆறு கடலை நோக்கித் தள்ளும்போது, கீழே உப்புத் தண்ணீர் எப்படி எதிர்த்திசையில் உள்ளே வருகிறது?

முகத்துவாரத்தில் ஆறு 10 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தரையில் கடல்நீரின் 10 மீட்டர் எடை அழுத்துகிறது. அதே அழுத்தத்தை நல்ல தண்ணீர் தர வேண்டுமென்றால் ஆற்றின் மட்டம் கடலைவிட ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். ஆற்றின் மட்டம் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கிறது, ஆனால் அந்த முழு 25 வரை அல்ல. அதனால் மேற்பரப்பில் ஆற்றின் கை ஓங்கி, நல்ல தண்ணீர் வெளியே வழிகிறது. கீழே போகப்போகக் கடலின் எடை கூடிக்கொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமமாகி, தரையில் கடலின் கை ஓங்குகிறது. தள்ளுதல் தரையில்தான் அதிகம் என்பதால் உப்புத் தண்ணீர் தரையோடு தரையாக நுழைகிறது. வாயில் தடித்தும் உள்ளே போகப்போக மெலிந்தும் கிடக்கிறது. மேலே ஓடும் ஆறு அதன் முதுகை உரசி உரசித் திருப்பித் தள்ளுகிறது. இந்த உரசலும் கடலின் தள்ளுதலும் சரிக்குச் சரியாகும் இடத்தில் அதன் நுனி நிற்கிறது. மரம் பிளக்கும் ஆப்பின் வடிவம் அப்படியே. ஆற்றுக்குக் கடல் ஆப்பு வைக்கிறது என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னாலும் தப்பில்லை.

இதைப் பார்க்கத்தான் வாய்க்கால். மீன்தொட்டி செய்யும் கடையில் நாலடி நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி வெட்டிச் சிலிக்கான் வைத்து ஒட்டி வாங்கினேன். 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டில் ரம்பத்தால் ஒரு வாய் வெட்டி வாய்க்காலைச் செருகினேன். தொட்டிதான் கடல். அதில் 2 கிலோ 100 கிராம் உப்பும் சொட்டு நீலமும். தொட்டியின் எதிர்ப்பக்க விளிம்பை அகலமாக வெட்டிவிட்டேன், வாய்க்காலில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும்படி. முதலில் வழிவதற்குச் சின்னக் குழாய் வைத்துப் பார்த்தேன். அது மேல் தண்ணீரோடு கீழே இருந்த நீலத்தையும் சேர்த்து உறிஞ்சியது, மட்டமும் ஏறிவிட்டது. அகல விளிம்பில் மேல்தண்ணீர் மட்டும் மெல்லிசாக வழிகிறது.

வாய்க்காலின் தலைப்பக்கம் நல்ல தண்ணீரை நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டேன். அதுதான் ஆறு. முதலில் வாய்க்கால் முழுக்க இருந்த நீலம் கலங்கிப் பின்வாங்கியது. ஐந்து நிமிடம் போல ஆனதும் ஒரு வடிவம் தெரிந்தது. மேலே தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, கீழே நீலம் அசையாமல் கிடந்தது. வாயிலிருந்து 105 சென்டிமீட்டர் உள்ளே, வெற்றிலை நுனி மாதிரி கூராக முடிந்திருந்தது. கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் நுனிக்கு ஒரு கோடு போட்டேன்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்கினேன். கால்பங்குதானே கூட்டினோம், கொஞ்சம் நகரும் என்று நினைத்தேன். நுனி 62க்கு ஓடிவிட்டது. 8 லிட்டரில் 20 சென்டிமீட்டர்தான் மிச்சம். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஆப்பு பாதியாகாமல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 16 லிட்டர் போல வேகமாகத் திறந்தபோது நீலம் முழுக்க வாய்க்கு வெளியே. இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஈர்ப்பு முடுக்கத்தை 24/1000 ஆல் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் என் வாய்க்காலுக்கு நொடிக்கு 11 சென்டிமீட்டர் வருகிறது. ஆற்றின் வேகம் அதை எட்டினால் ஆப்புக்கு இடமில்லை. 16 லிட்டரில் வேகம் ஏறக்குறைய அதேதான்.

அடுத்து, ஆப்பு "அசையாமல் கிடக்கிறது" என்று மேலே எழுதினேனே, அது பொய் என்று தெரிந்தது. ஓட்டத்தை 4 லிட்டருக்குக் குறைத்து, ஆப்பின் நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றைப் போட்டேன். அது தரையில் விழுந்த வழியெல்லாம் ஊதாக் கோடு. அந்தக் கோடு மெல்லக் கோணத் தொடங்கியது. மேல்பாதி கடல் பக்கம் சாய, அடிப்பாதி ஆற்றுக்குள் சாய்ந்தது! ஆற்றோட்டம் ஆப்பின் முதுகிலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்துப் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டக் கடல் தரை வழியே புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சுரண்டுவதையும் கண்ணால் பார்க்கலாம். 8 லிட்டரில் எல்லைக் கோடு நெளிந்து, சின்னச் சின்ன அலையாகச் சுருண்டு உடைந்தது. நீலம் மேலே ஏறியதே தவிர, தெளிந்த தண்ணீர் கீழே இறங்கவில்லை.

கடைசியாகச் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் அடித்தரை கடலிலிருந்து வெகுதூரம் உள்ளேவரை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வறட்சியில் ஆறு இளைத்தால் ஆப்பு அத்தனை தூரமும் ஏறிவந்து குடிநீர் எடுக்கும் இடங்களைத் தொட்டுவிடும். 2023இல் அப்படி வந்தபோது ராணுவப் பொறியாளர்கள் ஆற்றுக்குள்ளே குறுக்காக மண்மேடு ஒன்றை உயர்த்தினார்கள். கப்பல் மேலே போகும், உப்பு கீழே முட்டி நிற்கும். நானும் வாயிலிருந்து 40 சென்டிமீட்டரில் களிமண்ணால் ஒரு மேடு வைத்தேன், ஒரு விரல் தடிமன் உயரம். ஆப்பு வந்து முட்டி நின்றது. ஓட்டத்தை 4 லிட்டருக்கும் கீழே குறைத்தேன். மேட்டின் கடல் பக்கம் நீலம் தடித்துத் தடித்து ஏறி, ஒரு கட்டத்தில் உச்சியைத் தாண்டி நூல்போல உள்பக்கம் வழிந்தது. ஆக, மேடு நிரந்தரமாகத் தடுப்பதில்லை. மழை வந்து ஆறு பெருகும்வரை தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த வாய்க்காலில் இல்லாதது ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம். ஹூக்ளி மாதிரி ஓதம் பலமாக அடிக்கும் ஆற்றில் ஒரு நாளில் இரண்டு முறை எல்லாம் கலக்கப்பட்டு, ஆப்பு இவ்வளவு சுத்தமாக நிற்காது. பாக் நீரிணைப் பக்கம் ஓதம் குறைவு. அதனால்தான் அக்கா சொன்ன அடுக்கு அங்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் நம் பக்கத்து ஆறுகளில் தண்ணீர் ஓடுவதே மழைக்குப் பிந்தைய சில வாரம்தான், போய்ப் பார்க்க அடுத்த ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை இன்னொன்று பாக்கி. வாய்க்காலின் தலைப்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, சரிவான படுகையில் ஆப்பு எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஆத்தாவிடம் அனுமதி வாங்க வேண்டும். வழிந்த தண்ணீர் காய்ந்து ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கிறது. "ஊரெல்லாம் கல்லை எண்ணெய் போட்டுத் துடைக்குது, நீ உப்புப் போட்டுத் துடைக்கிறியாப்பா?" என்று கேட்டுவிட்டு வாளியைக் கையில் கொடுத்தார். நல்ல தண்ணீரில் நாலு தடவை துடைத்தாயிற்று. ஓரத்தில் இன்னும் போகவில்லை.