ஐந்தாவது துளை

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். நேர் எதிரே இருப்பது ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரியும். பக்கவாட்டில் இருப்பதும், காலடியில் கிடப்பதும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் அந்தக் குழாயும் மூடிக்கொள்ளும். குன்னூரில் மூடுபனியின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். அதிலிருந்து நேராக ஜிம்முக்குள் நுழைந்தால் சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் வாசலருகே ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போகிறேன். நனைந்த காலணியை மாற்றவும் அந்த நேரம் உதவுகிறது.

முதலில் சேர்ந்த இடத்தில் யாரோ தரையில் விட்டுப்போன டம்பெல்லில் இடித்து என் முழங்கால் எலும்பு வீங்கியது. "உங்களுக்குப் பொறுப்பேற்க முடியாது" என்றார்கள். அன்று மிகவும் மனம் நொந்தேன். இரண்டாவது இடத்தில் சேரும் முன், கூட்டமில்லாத காலை பதினோரு மணிக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "மூன்று நாள் எடையே தூக்க வேண்டாம் அண்ணா, இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள்" என்றார் அந்தத் தம்பி. அந்த மூன்று நாள்தான் எனக்கு இந்த ஜிம்மைக் கொடுத்தது.

வாசலிலிருந்து இடப்பக்கச் சுவரை ஒட்டியே நடக்கும் ஒரு பாதையை வகுத்தோம். அதில் எதையும் வைக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். கறுப்பு ரப்பர் தரையில் மஞ்சள் பட்டை ஒட்டினார். கறுப்பின் மேல் மஞ்சள் எனக்கு எடுப்பாகத் தெரிகிறது. ஆனால் பெரிய ஆபத்து தரையில் இல்லை, நெஞ்சு உயரத்தில் இருந்தது. பெஞ்ச் பிரஸ் தாங்கியில் கிடக்கும் இரும்புத் தண்டின் முனை நடைபாதைக்குள் நீண்டிருந்தது. வெள்ளைக்கோல் அதன் அடியில் புகுந்துபோய்விடும். உடம்புதான் முதலில் மோதும். தாங்கியைத் திருப்பிப் போட்டு, தண்டின் முனைகளிலும் மஞ்சள் பட்டை சுற்றினார். சுவர்க் கண்ணாடியையும் நான் இன்னொரு அறை என்றே நினைத்தேன். அதன் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை ஓடுகிறது.

பிறகு எந்திரங்கள். மேலே தொங்கும் கம்பியை உட்கார்ந்தபடி கீழே இழுக்கும் லேட் புல்டவுனை வைத்துச் சொல்கிறேன். எந்திரம் ஓடாமல் நிற்கிறது என்று வாயால் கேட்டு உறுதிசெய்த பின்தான் கை வைப்பேன். எடைத்தட்டுகளின் இடையில் விரல் சிக்கினால் நசுங்கிவிடும். தம்பி தன் கையை முன்னே வைக்க, அதன் மேல் என் கையை வைத்து இருக்கை, தொடையை அழுத்தும் உருளை, கம்பி, தட்டுகள் என்ற வரிசையில் தடவிப் பார்த்தோம். "அங்கே இருக்கிறது" என்ற சொல் எனக்குப் பயனற்றது. "உங்கள் வலது முழங்கைக்கு ஒரு சாண் மேலே" என்றால் போதும். முதலில் உட்கார்ந்து தொடையை உருளைக்குக் கீழே நுழைத்த பிறகே கையை மேலே நீட்டுவேன். நின்றபடி தேடினால் தொங்கும் கம்பி முகத்தில் படும்.

எடையைப் பூட்டும் இரும்புக் குச்சிக்காக மேலிருந்து துளைகளை விரலால் எண்ணுகிறேன். இந்த எந்திரத்தில் ஒரு தட்டு 5 கிலோ. ஐந்தாவது துளை என்றால் 25. அதே கணக்கைப் பக்கத்து நெஞ்சுப்பயிற்சி எந்திரத்திலும் வைத்துக்கொண்டேன். தள்ளினால் அசையவே மறுத்தது. அங்கே ஒரு தட்டு 7 கிலோ. நான் பூட்டியிருந்தது 35. தோளில் லேசான சுளுக்கோடு தப்பினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு எந்திரத்தின் தட்டு எடையும் இருக்கை உயரத்துக்கான துளையின் எண்ணும் என் செல்பேசியில் குரல் பதிவாக இருக்கின்றன. தொடங்கும் முன் கேட்டுக்கொள்கிறேன்.

குச்சி முழுதும் நுழைந்ததா என்பதையும் விரல் சொல்லும். அதன் தலை தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் பாதியில்தான் நிற்கிறது, தூக்கும்போது நழுவலாம். ஒட்டியிருந்தாலும் முதல் முறை கால்வாசி தூரமே மெதுவாக இழுத்து, தட்டுகள் எழும் ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் முழுதாகச் செய்கிறேன்.

டிரெட்மில்லின் தட்டையான பொத்தான்கள் விரலுக்கு ஒரே வழுவழுப்பு. நிறுத்தும் பொத்தானின் மேலும் வேகம் கூட்டும் பொத்தானின் மேலும் ரப்பர் மொட்டுகள் ஒட்டச் செய்தேன். பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டி, இரு ஓரப் பலகைகளிலும் கால் வைத்து நின்ற பிறகே ஓட விடுகிறேன்.

ஐந்தரை மணிக்கு இருட்டத் தொடங்கும் மாதங்களில் மாலைக்குப் பதில் காலையில் போகிறேன். நேற்று புதிதாக ஓர் எந்திரம் வந்து, சுவரோரத்தில் இறக்கிவைக்கப்பட்டது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோதே தம்பி வந்து, "அண்ணா, இன்று உங்கள் பாதையில் பத்தாவது அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, மாலைக்குள் எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அதைத் தொட வைத்தார்.