ரீடேக் கேட்ட இடங்கள்

திருச்சியில் இருபது வருடமாகப் போட்டோ, வீடியோ எடுக்கிறேன். எங்கள் தொழிலில் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் இரண்டு. ஒன்று "இங்க பாருங்க". இன்னொன்று "இன்னொரு தடவை". தாலி கட்டும்போது யாராவது குறுக்கே வந்துவிட்டால்கூட, மாப்பிள்ளையின் கையைத் திரும்ப முடிச்சுக்குக் கொண்டுபோகச் சொல்லி எடுத்துவிடுவோம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் பிள்ளைகளைச் சமயத்துக்குள் சேர்க்கும் சடங்குகளில் மட்டும் இந்த "இன்னொரு தடவை" சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. எங்கே செல்லாது என்பதை நான் தெரிந்துகொண்டது திட்டு வாங்கித்தான்.

முதல் திட்டு ஒரு பூணூலில். ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபம், பையனுக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. கருவில் இருந்த காலத்தையும் சேர்த்து எட்டாவது வயதில் போடவேண்டும் என்பது கணக்கு. அதை அப்படியே கடைப்பிடிக்கும் வீடு இப்போது குறைவு. அப்பா வெளிநாட்டிலிருந்து இதற்காகவே வந்திருந்தார். எனக்கு முழுப் பொறுப்பாகக் கிடைத்த முதல் பூணூல் அதுதான்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முதலில் பூணூலை மாட்டினார்கள். அப்புறம் குமார போஜனம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெய்சாதமும் பாயசமும் ஊட்டினார். இனிமேல் அம்மா மடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற குழந்தை இல்லை என்பதற்கான சாப்பாடு அது. அதற்குப் பிறகு முடி. அப்பா தர்ப்பையோடு சேர்த்து நாலைந்து இடத்தில் கொஞ்சமாகக் கத்தரிக்க, மிச்சத்தை நாவிதர் பார்த்துக்கொண்டார். குளித்துவிட்டு வந்த பையனை அடையாளம் தெரியவில்லை. குடுமி, நெற்றியில் சந்தனம், பெரிதாகத் தெரியும் காதுகள்.

அடுத்து ஹோமத்துக்கு வடக்கே வைத்திருந்த அம்மியில் வலது காலை வைக்கச் சொன்னார்கள். இந்தக் கல்லைப் போல உறுதியாக இரு என்று மந்திரம். பையன் கால் வைத்து எடுத்தது ஒரு நொடி. எனக்கு ஃபோகஸ் போய்விட்டது. தயங்கித் தயங்கி "இன்னொரு தடவை" என்றேன். சடங்கை நடத்திவைத்த வாத்தியார் சிரித்துக்கொண்டே, "வைடா, மாமாவுக்காக இன்னொரு தரம் வை" என்றார். வைத்தான். அதில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

இடுப்பில் நாணற்புல் கயிற்றை மூன்று சுற்று கட்டினார்கள், மான்தோல் துண்டு ஒன்றை அணிவித்தார்கள். பிறகு பிரம்மோபதேசம். அப்பா ஒரு பக்கம், பையன் எதிரே, பக்கத்தில் அம்மா. பையன் அப்பாவின் காலைத் தொட்டு, எனக்கு சாவித்திரியை, அதாவது காயத்ரி மந்திரத்தை, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கவேண்டும். கேட்டதும் வாத்தியார் எல்லோர் தலைக்கும் மேலாக ஒரு பட்டு வேஷ்டியைப் போட்டு மூடிவிட்டார். உள்ளே அப்பா பையனின் வலது காதில் காயத்ரியைச் சொல்கிறார். மந்திரத்துக்கு எட்டெட்டு எழுத்தாக மூன்று பாதம். முதலில் ஒவ்வொரு பாதமாக, அப்புறம் பாதியாக, கடைசியில் முழுசாக. வெளியே நமக்குக் கேட்பதெல்லாம் ஒரு முணுமுணுப்புதான்.

நான் என்ன செய்தேன் என்றால், பட்டின் ஓரத்தைத் தூக்கி லென்ஸை உள்ளே விட்டேன். ஃப்ளாஷும் அடித்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து கேமராவைத் தள்ளியது. வாத்தியாரின் கை. கத்தவில்லை. "தம்பி, இது உனக்கும் இல்லை, இங்கே இருக்கிற யாருக்கும் இல்லை. வெளியே இரு" என்றார். முன்வரிசையில் பாட்டிகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து பையன் கையில் புரசங்கழியைக் கொடுத்து, "பவதி பிக்ஷாம் தேஹி" என்று அம்மாவிடம் முதல் பிச்சை கேட்கவைத்தார்கள். அம்மா மூன்று தடவை அரிசி போட்டார். அப்புறம் அத்தைகள், சித்திகள், எதிர்வீட்டு மாமி என்று வரிசை. இங்கே ரீடேக்குக்குப் பஞ்சமே இல்லை. கேமரா பார்க்காவிட்டால் அவர்களே திரும்ப அரிசியை அள்ளுவார்கள்.

சாப்பாட்டுக்குப் போகும் முன் அப்பா வந்து, "உபதேசம் போட்டோ சரியா வரலையாமே, அதை மட்டும் ஒரு தரம் எடுத்துடலாமா" என்று வாத்தியாரிடம் கேட்டார். அவர் சொன்ன பதில் எனக்கு அப்போது விதண்டாவாதமாகப் பட்டது. "பட்டைப் போட்டுண்டு உட்காருங்கோ, எடுத்துக்கட்டும். உபதேசம் ஆயாச்சு. அதைப் போட்டோவுக்காகப் பண்ண முடியாது." அப்படியே உட்கார்ந்தார்கள். உள்ளே பையன் கிச்சுகிச்சு மூட்டின மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான், அம்மா அதட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்கு இருப்பது அந்தப் படம்தான். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும்: நிஜமான உபதேசத்தில் நான் ஓரத்தைத் தூக்கும்வரை பட்டு அசையவே இல்லை.

அதற்கப்புறம் உபதேசத்தின்போது நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். பட்டுக்கு வெளியே தெரிவதை மட்டும் எடுக்கிறேன். பெரும்பாலும் கால்கள். அப்பாவின் பாதத்தின் மேல் பையனின் விரல்கள். ஆல்பத்தில் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்கள் காசு பேரம் பேசமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இப்போது நான் எடுக்கும் பூணூல்களில் கணிசமானவை கல்யாணத்துக்கு முதல் நாள் நடப்பவை. இருபத்தெட்டு வயது மாப்பிள்ளை தாடியோடு அம்மாவிடம் பிச்சை கேட்பார். எட்டு வயதுக்காரன் கேட்டால் மண்டபம் கண்கலங்கும், இவர் கேட்டால் மண்டபம் சிரிக்கும். ஆனால் உபதேசம் கேட்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். பட்டை எடுத்த அந்த நொடியில் தெரியும். மறுநாள் மத்தியானம் அந்த முகம் எங்கே போகிறது என்பது வேறு விஷயம். சிறுவனானாலும் மாப்பிள்ளையானாலும் தினமும் சந்தியாவந்தனம் செய்யத்தான் இத்தனை ஏற்பாடும். அதன் முதல் நாள் மாத்யாஹ்னிகம், அதாவது மத்தியான வேளைச் சந்தி, நடக்கும் நேரத்தில் நாங்கள் பந்தியில் இருப்போம். எந்த ஆல்பத்திலும் அது இருக்காது.

இரண்டாவது பாடம் கோயிலில். கிறிஸ்தவர்கள் எங்கள் ஊரில் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புது நன்மைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், 32 பிள்ளைகள். முந்தின நாள் சாயங்காலம் முதல் பாவசங்கீர்த்தனம், அதோடு ஒத்திகை. அர்ச்சிக்காத அப்பத்தை வைத்து எப்படிக் கை குவிப்பது, எப்போது ஆமென் சொல்வது என்று சிஸ்டர் பழக்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். இந்த வயது 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வைத்தது. அதற்கு முன் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூடக் காத்திருக்க வைப்பார்களாம். சாதாரண ரொட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிற வயது வந்தால் போதும் என்பது அவர் முடிவு.

மறுநாள் பூசையில் ஃப்ளாஷ் கூடாது என்றார் ஃபாதர். பீடத்துக்குப் பக்கவாட்டில் தூணோரம் எனக்கு இடம். ஒரு பிள்ளைக்கு நாலு நொடி கிடைக்கும். "கிறிஸ்துவின் திருவுடல்", "ஆமென்", நாக்கில் அப்பம், முடிந்தது. அப்பத்தைத் திருஇரத்தத்தில் தோய்த்துக் கொடுத்ததால் கையில் வாங்க வழியில்லை, நாக்கில்தான். நாக்கை நீட்டுகிற படத்தை எந்த அம்மாவும் விரும்பமாட்டார் என்பதால் நீட்டுவதற்கு முந்தின அரை நொடியைப் பிடிக்கவேண்டும். பதினேழாவது பிள்ளையில் கார்டு நிறைந்துவிட்டது. மாற்றி முடிப்பதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் ஒரு பையன் வீட்டில் கண்டுகொள்ளவில்லை. பெண்ணின் அம்மா விடவில்லை.

பூசை முடிந்ததும் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஃபாதரிடம் போனார். பின்னால் நான். "ஒரே ஒரு போஸ் ஃபாதர்." அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அம்மா, அர்ச்சிக்காத அப்பத்தை வாயில வச்சு போட்டோ எடுத்தா, புது நன்மை வாங்கலைன்னு நாளைக்கு அவளே சொல்லுவா. அர்ச்சிச்சதை போட்டோவுக்காகக் கொடுக்க எனக்கு உரிமை இல்ல" என்றார். அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் ஃபாதரே, "அடுத்த ஞாயிறும் இவ நற்கருணை வாங்கத்தானே வரப்போறா? அப்ப எடுத்துக்கட்டும்" என்றார்.

"அது புது நன்மை ஆகாதே ஃபாதர், ரெண்டாவது தடவைல்ல?"

"முதல் தடவை மாதிரியே ரெண்டாவது தடவையும் வந்து நின்னா, அந்தப் படம்தான் எனக்கு வேணும்."

என் சொந்தச் செலவில் அடுத்த ஞாயிறு போனேன். தலையில் பூக்கிரீடம் இல்லை, மெழுகுதிரி இல்லை, வெள்ளைக் கவுன் மட்டும். பெரியவர்கள் வரிசையில் ஒரு தாத்தாவுக்குப் பின்னால் கை குவித்துக்கொண்டு வந்தாள். முந்தின வாரம் எடுத்த படங்களில் ஒரு பிள்ளைகூட அப்படி நிற்கவில்லை. அன்றைக்கு அவர்கள் எல்லோரும் சிஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உறுதிப்பூசுதலில் இந்தப் பிரச்சினையே இல்லை. ஆயர் வருவார், ஞானப்பெற்றோர் பிள்ளையின் தோளில் கை வைப்பார், ஆயர் கிறிஸ்மா தைலத்தால் நெற்றியில் சிலுவை போடுவார். ஞானஸ்நானத்தைப் போல இதுவும் ஆயுளில் ஒரு தடவைதான், திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். ஆனால் ஒரு வசதி உண்டு. தைலம் கொஞ்ச நேரத்துக்கு நெற்றியில் மின்னிக்கொண்டிருக்கும். தவறவிட்டால், பிள்ளை இடத்துக்குத் திரும்பிப் போகும்போது எடுத்துவிடலாம்.

முஸ்லிம் வீடுகளில் சுன்னத் கல்யாணத்துக்கு முன்பெல்லாம் மாலை, ஊர்வலம் எல்லாம் உண்டு என்று என் குருநாதர் சொல்வார். என் காலத்தில் எங்கள் பக்கத்தில் அது கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் முடிந்துவிடுகிறது, போட்டோக்காரனுக்கு வேலை இல்லை. எனக்கு வேலை வருவது பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடிக்கும்போது. போன வருடம் ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண். வீட்டு ஆட்கள் பார்ப்பதற்கு மட்டும் என்று சொல்லித்தான் வீடியோ எடுக்கவிட்டார்கள்.

ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் எதிரே உட்கார, ரிஹால் பலகையில் குர்ஆனை வைத்துக்கொண்டு கடைசிச் சூராக்களை ஓதினாள். கடைசி அத்தியாயமான 114ஆவது சூரா அந்நாஸ் முடிந்தது. எல்லோரும் துஆவுக்குக் கையைத் தூக்குவார்கள் என்று நான் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். அவள் நிறுத்தவில்லை. குர்ஆனை முதல் பக்கத்துக்குப் புரட்டி ஃபாத்திஹாவை ஓதினாள், அதைத் தொடர்ந்து அடுத்த சூராவான அல்பகராவின் முதல் ஐந்து வசனங்கள். முடித்த இடத்திலேயே மறுபடி ஆரம்பித்துவிட வேண்டும், அதுதான் முறை என்று பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்.

அவள் பக்கம் புரட்டியதை நான் விட்டிருந்தேன். போதாததற்கு மைக்கில் மின்விசிறிச் சத்தம் வேறு. பழைய அனுபவங்கள் எல்லாம் ஞாபகம் வர, ஹஜ்ரத்திடம் ரொம்பத் தயங்கி, "இன்னொரு தடவை..." என்று இழுத்தேன்.

"ஓதுறதுக்கு என்னங்க, ஓதட்டுமே. எத்தனை தடவை வேணும்?" என்றார். மின்விசிறியை நிறுத்தினார்கள். அந்தப் பெண் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு அந்நாஸிலிருந்து ஆரம்பித்தாள். பக்கம் புரட்டினாள். ஐந்து வசனம் முடிந்தது, ஹஜ்ரத் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் நிறுத்தாமல் ஆறாவதுக்குப் போய்விட்டாள். வியர்த்துக் கொட்டியது, யாரும் மின்விசிறியைப் போடச் சொல்லவில்லை. நானும் "போதும்" என்று சொல்லவில்லை, பேட்டரி தீரும்வரை ஓடவிட்டேன்.