நூறு வளையம் எண்ணியதில் 503 வந்தது

பச்சை லேசரின் அலைநீளம் 503 நானோமீட்டர் என்று கணக்கு வந்தபோது எங்கோ தப்பு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. இந்த வகைப் பச்சை லேசரில் ஒரு படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத் தருகிறது, இன்னொரு படிகம் அதைப் பாதியாக்குகிறது. அதனால் 532 என்ற எண் அசையாது. அதை அளந்த என் மைக்கல்சன் குறுக்கீட்டுமானிதான் எங்கோ பொய் சொல்கிறது. அதைத் தேடிப் பிடித்ததுதான் இந்த முறை நடந்த வேலை.

இந்தக் கருவியைப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கற்றைப் பிரிப்பான் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டும் தனித்தனி ஆடியில் பட்டுத் திரும்பி ஒன்றுசேர்கின்றன. நடுவில் ஒரு லென்ஸ் வைத்து ஒளியை விரித்தால் தாளில் வளையங்கள் விழும். ஒரு ஆடி அரை அலைநீளம் நகர்ந்தால் ஒளி போக வர முழு அலைநீளம் மாறும், ஒரு வளையம் நடுவில் பிறக்கும் அல்லது மறையும். N வளையம் எண்ணும்போது ஆடி d தூரம் நகர்ந்திருந்தால் `λ = 2d/N`. அவ்வளவுதான் சூத்திரம்.

சிக்கல் அந்த d-யில் இருக்கிறது. என் திருகு அளவியில் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். அது ஆடியை நேராகத் தள்ளினால் ஒரு பிரிவுக்குள் 37 பச்சை வளையம் ஓடிவிடும், கண்ணால் எண்ண முடியாது. அதனால் நடுவில் ஒரு நெம்புகோல் வைத்தேன். திருகு அதன் நீண்ட முனையைத் தள்ளும். கீலுக்குப் பக்கத்தில் பதித்த ஒரு எஃகுக் குண்டு ஆடியைத் தள்ளும். ஆடியை நெம்புகோலிலேயே ஒட்டினால் அது சாயும், வளையமெல்லாம் கோணி நெருக்கிக்கொண்டு கோடாகிவிடும். அதனால் ஆடி இரண்டு இணையான ஸ்பிரிங் தகடுகளின் மேல் நின்று நேராக நகர்கிறது. கீலில் இருந்து குண்டுக்கு 10 மில்லிமீட்டர், திருகுக்கு 200 மில்லிமீட்டர். ஆக 20-க்கு 1 என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் எண்ணிக்கை எதுவும் ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: திருகைத் தொடாமல் விட்டாலும் வளையங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, 15 விநாடிக்கு ஒன்று. கையால் பிடித்த சூடு ஆடித் தாங்கியில் தங்கியிருந்தது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மில்லிமீட்டருக்கு 23 நானோமீட்டர் நீளும். 50 மில்லிமீட்டர் துண்டு ஒரு டிகிரி சூடேறினாலே நாலு வளையத்துக்கு மேல் போய்விடும். நூறு வளையம் எண்ண எனக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் எட்டு வளையம் தானாக வந்து சேர்ந்தால் அளவு என்ன ஆகும்! அரை மணி நேரம் எதையும் தொடாமல் காத்திருந்தேன். ஊர்வது நாலு நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒளிப் பாதையின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்ததும் காற்றால் வந்த நடுக்கமும் அடங்கியது. அதற்கு முன்னால் பாதைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டினாலே வளையங்கள் நெளியும். காற்று சூடானால் அதன் ஒளிவிலகல் எண் குறைகிறது, கண்ணெதிரே அது தெரிகிறது.

அடுத்தது திருகின் ஆட்டம். திசை மாற்றினால் சில பிரிவுகள் வரை உருளை சுழலும், வளையம் அசையாமல் நிற்கும். மரைக்குள் இருக்கும் இடைவெளி அது. எப்போதும் ஒரே திசையில் சுற்றி, முதல் முப்பது வளையங்களை எண்ணாமல் விட்டு, அதன் பிறகு எண்ணத் தொடங்குகிறேன். கை உருளையைத் தொட்டாலே வளையம் துள்ளும். அதனால் தனியாக ஒரு மேசையில் பொருத்திய குமிழில் இருந்து ரப்பர் வளையம் போட்டு உருளையைச் சுற்றுகிறேன். தாளைக் கைபேசியில் படமெடுத்து, பிறகு மெதுவாக ஓட்டி எண்ணுகிறேன். ஒளிக்கற்றையைக் கண்ணால் நேராகப் பார்ப்பது கூடாது, தாளில்தான் பார்க்கிறேன்.

இவ்வளவும் செய்து ஐந்து முறை எண்ணினேன். நூறு பச்சை வளையத்துக்கு 50.0-இல் இருந்து 50.6 பிரிவு வரை வந்தது, சராசரி 50.3. அதாவது திருகு 503 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கிறது. 20-ஆல் வகுத்தால் ஆடி 25.15 மைக்ரோமீட்டர், அலைநீளம் 503 நானோமீட்டர். ஐந்து முறையும் ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருங்கி வந்து, எல்லாமே ஒரே பக்கம் தள்ளி நின்றதால் தப்பு எண்ணுவதில் இல்லை. 20 என்ற எண்ணில்தான்.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 532 சரி என்றால் நூறு வளையத்துக்கு ஆடி 26.6 மைக்ரோமீட்டர் நகர வேண்டும். 503-ஐ 26.6-ஆல் வகுத்தால் 18.9. நெம்புகோலைக் கழற்றிப் பார்த்தேன். கீல் என்று நான் வைத்தது ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அசையாத கட்டைக்கும் நெம்புகோலுக்கும் இடையே 1.2 மில்லிமீட்டர் வெளியே தெரிகிறது. நான் நெம்புகோலின் விளிம்பில் இருந்து அளந்திருந்தேன். தகடு வளைவதோ அந்த இடைவெளியின் நடுவில், விளிம்பில் இருந்து 0.6 மில்லிமீட்டர் தள்ளி. அப்படியானால் 10 என்பது 10.6, 200 என்பது 200.6. வகுத்தால் 18.92. மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல், அதுவே 29 நானோமீட்டர் பிழையாக வந்து நின்றிருக்கிறது. நீளமான கையில் இந்த 0.6 ஒரு பொருட்டே இல்லை, குட்டைக் கையில் ஆறு சதவீதம்.

இனி நெம்புகோலின் விகிதத்தை அளவுகோலால் அளக்க வேண்டியதே இல்லை. பச்சையையும் சிவப்பையும் அதே அமைப்பில் எண்ணி விகிதம் பார்த்தால் நெம்புகோல் தானாகவே கழிந்துவிடும். 650 என்று எழுதியிருந்த சிவப்பு டயோடு லேசரை வைத்தேன். நூறு வளையத்துக்கு 61.9 பிரிவு. 61.9-ஐ 50.3-ஆல் வகுத்து 532-ஆல் பெருக்கினால் 655. 0.3 பிரிவு வரை முன்பின் ஆகலாம் என்பதால் ஐந்து நானோமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். 650-க்கு அது இடம் தருகிறது. டயோடு சூடானால் அதன் அலைநீளமும் கொஞ்சம் நீளும், அதனால் ஒட்டியிருக்கும் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும்: சிவப்பில் வளையங்கள் முதலில் மங்கலாகவே இருந்தன. கற்றைப் பிரிப்பானில் இருந்து இரண்டு ஆடிகளுக்கும் உள்ள தூரத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் சமமாக்கிய பிறகுதான் கறுப்பும் சிவப்புமாகப் பிரிந்து தெரிந்தன.

பச்சை வளையம் ஒன்றுக்கு 266 நானோமீட்டர் என்று கையில் ஒரு அளவுகோல் வந்ததும் மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பஸ்ஸர் தகடு ஒன்றின் நடுவில் சின்ன ஆடியை ஒட்டி, நகரும் ஆடியின் இடத்தில் வைத்தேன். 9 வோல்ட் மின்கலத்தைத் தொட்டதும் ஐந்தேகால் வளையம் ஓடியது, அதாவது 1.4 மைக்ரோமீட்டர். தொட்டபடியே வைத்திருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. மின்கலத்தை எடுத்துத் தகட்டின் இரு முனைகளையும் இணைத்தால் வளையம் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புவதில்லை, கால் வளையம் போலப் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கி தகட்டினுடையதா, ஒட்டியிருக்கும் பசையினுடையதா என்று பிரிக்க, அடுத்து ஆடியை வேறு பசையால் ஒட்டி அதே எண்ணிக்கையை எடுக்கப் போகிறேன்.