அந்த இருபது மதிப்பெண்

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய ஒரு மீனவ கிராமம். அங்கிருந்த ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்திட்டத்தை மாநிலம் வகுக்க வேண்டுமா, பள்ளியே வகுத்துக்கொள்ள வேண்டுமா என்று பயிற்சிகளில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்புதான் நினைவுக்கு வரும்.

சட்டப்படி பார்த்தால் இதில் குழப்பமே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் அரசு குறிப்பிடும் கல்வி அமைப்பே வகுக்க வேண்டும் என்கிறது. பள்ளிக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் 24ஆம் பிரிவைப் படித்தால் இரண்டு வரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடி என்பது ஒன்று. ஒவ்வொரு குழந்தையின் திறனையும் அறிந்து, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்றுக்கொடு என்பது அடுத்தது. இரண்டும் நியாயமான வரிகள்தான். ஆனால் வகுப்பில் இவை ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். முட்டும்போது எப்போதும் முதல் வரிதான் ஜெயிக்கும், ஏனென்றால் அதைத்தான் பார்வையிட வருபவர்கள் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, ஒரு சிறிய இடம் கிடைத்தது. நூற்றில் அறுபது பருவத் தேர்வுக்கு. இருபது சிறு தேர்வுகளுக்கு. மீதி இருபது, வளரறி மதிப்பீடு (அ) என்ற பெயரில், செயல்பாடுகளுக்கு. எந்தச் செயல்பாடு என்பதை ஆசிரியரே தீர்மானிக்கலாம். மையமாக வகுத்த ஒரு திட்டத்துக்குள் பள்ளி தன் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்ள விடப்பட்ட இடம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

2018இல் வந்த புதிய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், முதல் பருவத்திலேயே விகிதமும் விகிதசமமும் உண்டு. நல்ல புத்தகம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு விகிதம் இருந்தது. படகுப் பங்கு. எங்கள் ஊர் நாட்டுப்படகுகளில் வழக்கம் இப்படி: மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் பாதி படகுக்கும் வலைக்கும். மறுபாதியைக் கடலுக்குப் போனவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். படகுக்காரரும் கூடப் போயிருந்தால் அவருக்கும் ஓர் ஆள் பங்கு உண்டு.

இதையே செயல்பாடாக வைத்தேன். விற்றது 14,000 ரூபாய், செலவு 4,000, போனவர்கள் படகுக்காரரோடு சேர்த்து நான்கு பேர். பிள்ளைகள் நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்கள்: படகுக்கு 5,000, ஆளுக்கு 1,250. எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்து, புத்தகத்தில் உள்ள மாதிரி ஒரு தொகையை 3:2 என்ற விகிதத்தில் பிரிக்கச் சொன்னேன். பாதி வகுப்பு அப்படியே நின்றது.

உள்ளூர்ப் பாடத்தில் எளிதில் கண்ணை மறைக்கும் இடம் இதுதான். பிள்ளைகள் சரியான விடை சொன்னார்கள், ஆனால் விகிதத்தைப் பயன்படுத்திச் சொல்லவில்லை. பாதியாக்கி, நான்கால் வகுத்துவிட்டார்கள். வீட்டில் பார்த்த வழி அது. பழக்கமான பொருளைக் கொண்டுவந்ததாலேயே கருத்து வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழக்கமில்லாத ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, அதிலிருந்தே மேலே போனோம். படகுக்காரர் கையில் மொத்தம் 6,250, கூலி ஆள் கையில் 1,250. இதை விகிதமாக எழுதிச் சுருக்கினால் 5:1. ஐந்து பேர் போனால்? ஆளுக்கு 1,000, படகுக்காரருக்கு 6,000. இப்போது 6:1. விற்ற தொகையை 20,000 ஆக்கிப் பார்த்தார்கள், 7,000க்குக் குறைத்துப் பார்த்தார்கள். விகிதம் அசையவில்லை. ஆள் எண்ணிக்கை மாறினால் மட்டும் மாறுகிறது, அதுவும் எப்போதும் ஆள் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. ஒரு பெண் குழந்தை “எத்தனை பேர் போனாலும் அதோட ஒண்ணு கூட்டிக்கணும், அவ்வளவுதான் சார்” என்றாள். அதே பருவத்தில் இயற்கணித அறிமுகமும் இருந்ததால், (n + 1) : 1 என்று எழுதிக் காட்ட முடிந்தது. அதற்குப் பிறகு 3:2 யாருக்கும் தகராறாக இல்லை. புத்தகத்தின் இரண்டு அலகுகள் ஒரு படகுக் கணக்கில் சேர்ந்ததை எந்த ஆசிரியர் கையேடும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. அதே சமயம், விகிதம் இந்த வகுப்பில் வந்தே ஆக வேண்டும் என்று மாநிலம் வரையறுக்காமல் இருந்திருந்தால் நானும் அதைத் தேடிப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வகுப்பில் படகுக்காரர் பிள்ளையும் இருக்கிறான், அதே படகில் போகும் கூலிக்காரர் பிள்ளையும் இருக்கிறான். 5:1 என்று கரும்பலகையில் விழுந்ததும், “எங்கப்பாவுக்கு முன்பணம் வேற பிடிப்பாங்க சார்” என்று ஒருவன் சொன்னான். வகுப்பு அமைதியாகிவிட்டது. உள்ளூர் என்பது காற்றும் கடலும் மட்டுமல்ல, ஊரின் கடனும் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே உள்ளே வரும். பெயரில்லாத ஒரு படகாக அதை வைத்துக்கொண்டு, யார் வீட்டுக் கணக்கையும் கேட்காமல் பாடத்தைத் தொடர்ந்தேன். எங்கோ உட்கார்ந்து எழுதும் புத்தகத்துக்கு இந்தச் சிக்கலே வராது. அது அதன் பலமும்கூட.

அந்த இருபது மதிப்பெண் இடம் நான் கண்முன்னே சுருங்கப் பார்த்த ஒன்று. யாரும் உத்தரவு போட்டு அதை எடுக்கவில்லை. ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் பதிவேடு எழுத வேண்டும், அதுவும் ஒரே படிவத்தில். நேரமில்லாத ஆசிரியர்களுக்காகக் கடைகளில் செயல்பாட்டுக் கையேடுகள் வந்தன. அப்புறம் எங்கு பார்த்தாலும் அதே அட்டவணை, அதே படத்தொகுப்பு. பார்வையிட வந்த ஓர் அலுவலர் என் படகுக் கணக்கைப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கையேட்டில் இருக்கிறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு டிக் போட ஒரு தலைப்பு தேவைப்பட்டது.

தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே கற்றுக்கொள்ளும் செயல்வழிக் கற்றலுக்கும் இதேதான் நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து, தங்கள் கையால் அட்டைகள் செய்து தொடங்கியது அது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க அச்சிட்ட அட்டைகளாகப் போய்ச் சேர்ந்தது. அட்டை வந்தது, அட்டை செய்த அனுபவம் வரவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் பள்ளியிடமே விட்டுவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு மாறுதல் வந்தபோது படகுக் கணக்கும் என்னோடு வந்துவிட்டது, நான் போன ஊரில் கடலே இல்லை. அந்த இடத்துக்கு வந்தவருக்கு மீன்பாடு புதிது. பிழைப்புக்காகப் பெற்றோர் ஊர் மாறும்போது கூடவே போகும் பிள்ளைகளுக்கு, போன இடத்திலும் அதே புத்தகம், அதே பாடம் இருப்பது எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அந்தப் பிள்ளைகளை வைத்துப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியர் கையைக் கட்டுவது புத்தகம் என்று நான் நினைக்கவில்லை. நாள்வாரியாக வரும் பாடக்குறிப்பும் மேலிருந்து வரும் வினாத்தாளும்தான் கட்டுகின்றன. எந்த வகுப்பில் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாநிலம் சொல்லட்டும். பருவத்துக்கு இரண்டு வாரத்தைப் பாடத்தின் பெயர் போடாமல் விடட்டும். அந்த வாரங்களில் நடந்ததைப் பள்ளியின் பெயரில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாறுதலில் வருகிறவரிடம் கொடுக்கச் சொல்லட்டும். அறுபது மதிப்பெண் தாளில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் காலியாக விட்டு, அதை அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும்.